பழைய மோட்டாரை எடைக்குப் போடும் முன் அதன் தகட்டைப் படம் எடுங்கள்

இந்த மாதம் மட்டும் எரிந்து வந்ததில் இது நான்காவது மோட்டார். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, கருகிய மோனோபிளாக் பம்பு மோட்டாரை பைக்கில் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சேலத்தில் என் கடைக்கு வந்திருந்தார்.

"வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலைங்ண்ணா. ஒரு தடவ காயில் கட்டியாச்சு, மறுபடியும் எரிஞ்சிருச்சு."

மூடியைக் கழற்றினேன். ரன்னிங் காயில் சுற்றிலும் ஒரே மாதிரி கருகியிருந்தது. ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகியிருந்தால் முதலில் கெப்பாசிட்டரைச் சந்தேகிப்பேன். இப்படி ரன்னிங் காயில் முழுக்கக் கருகினால், அந்த மோட்டார் தாங்க வேண்டியதைவிட அதிக கரண்டை நெடுநேரம் இழுத்திருக்கிறது என்று பொருள்.

"பழைய மோட்டார் என்ன தம்பி?"

"ஒரு எச்.பி.ங்ண்ணா. ஒன்றரையா போட்டா சிரமப்படாம ஓடும்னு சொன்னாங்க."

"அது எங்க?"

"எடைக்குப் போட்டாச்சுங்ண்ணா."

நல்லவேளை, போன வருடம் கெப்பாசிட்டர் மாற்றியபோது எடுத்த படம் ஒன்று அவர் போனில் இருந்தது. அதில் மோட்டார் தகடு தெரிந்தது: 0.75 கிலோவாட், 230 வோல்ட், 6.5 ஆம்பியர், இன்சுலேஷன் கிளாஸ் பி. புது மோட்டாரின் தகட்டில் இருந்தது 1.1 கிலோவாட், 230 வோல்ட், 9.5 ஆம்பியர், அதே கிளாஸ் பி. வாங்கும்போது இந்த இரண்டு தகடுகளையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"பெரிய எச்.பி. போட்டால் மோட்டார் சிரமப்படாது" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு மூட்டையைத் தூக்க இன்னும் பலசாலியான ஆளைக் கூப்பிடுவது போல என்று நினைக்கிறார்கள். மூட்டை அதே மூட்டையாக இருந்தால் அது சரி. மோனோபிளாக்கில் மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பு. ஒன்றரை எச்.பி. வாங்கும்போது தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரையும் அதற்கேற்பப் பெரிதாகச் சேர்த்து வாங்குகிறீர்கள், அதாவது மூட்டையும் பெரிதாகிறது. தகட்டில் உள்ள கிலோவாட் என்பது தண்டு வழியாக மோட்டார் தரக்கூடிய பலம். லைனிலிருந்து அது இழுப்பது அதைவிடக் கூடுதல், 0.75 கிலோவாட் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். எவ்வளவு பலம் வேண்டும் என்று கேட்பது பம்பு. பம்பு கேட்பதைக் கொடுக்க மோட்டார் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், தன்னால் முடியாவிட்டாலும் இழுக்கும். அப்படித்தான் எரிகிறது.

மறுநாள் மாலை நானே மேலே போனேன். மீட்டரிலிருந்து கீழே ஊற்றுக் கிணறு வரை சுமார் 90 மீட்டர். போட்டிருந்தது 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர். எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் அந்த நேரத்தில் மீட்டரில் 205 வோல்ட்தான் இருந்தது. போகவும் வரவுமாக 180 மீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய 2.2 ஓம் தடை. பழைய மோட்டாரின் 6.5 ஆம்பியருக்கு வழியில் 14 வோல்ட் போகும். அதை அது வருடக்கணக்கில் சமாளித்துக்கொண்டிருந்தது.

புது மோட்டார் போலவே இன்னொன்றைக் கொண்டுபோய் மாட்டி ஓடவிட்டு, கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். 12 ஆம்பியர். ஒயரில் மட்டும் 26 வோல்ட் விழுந்து, மோட்டார் முனையில் 179 வோல்ட்தான் மிச்சம். தகடு கேட்பது 230. சுழற்றும் விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், அந்த மோட்டாரின் சுழற்றும் விசையில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் போய்விட்டது. வேகம் தளரும், கரண்டு ஏறும், ஏறிய கரண்டு ஒயரில் இன்னும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும். காயில் சூடும் கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 9.5-க்குப் பதில் 12 என்றால் சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் அங்கே பாதுகாப்பாக இருந்தது ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. 12 ஆம்பியருக்கு அது ஏன் விழப்போகிறது? அது ஒயரைக் காப்பாற்ற இருப்பது, மோட்டாரை அல்ல.

அங்கிருந்த பெரியவர் ஒருவர், "அப்ப கிளாஸ் எஃப் வாங்கிட்டா சரியாயிரும்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிளாஸ் என்பது காயிலின் மிகச் சூடான இடம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு: பி என்றால் 130 டிகிரி, எஃப் என்றால் 155, எச் என்றால் 180. அது பலத்தின் அளவு இல்லை. 9.5 ஆம்பியர் தகட்டுள்ள மோட்டார், எஃப் கிளாஸ் ஆனாலும் 9.5 ஆம்பியர் மோட்டார்தான். எஃப் வாங்குங்கள், அந்த 25 டிகிரியைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள், செலவழிக்காதீர்கள். இன்சுலேஷன் தொடர்ந்து பத்து டிகிரி கூடுதல் சூட்டில் ஓடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு.

மலைக்காரர்களுக்கு ஒன்று. சாதாரண மோட்டார் தகடுகள் 1000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெளிச்சூடு என்ற கணக்கில் எழுதப்படுபவை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் மோட்டார் ஆறுவது கொஞ்சம் குறையும். ஆனால் அங்கே வெயில் 40-ஐத் தொடுவதில்லை என்பதால் அது ஈடாகிவிடும். எனவே "மலையில் மோட்டார் நிக்காது" என்று உயரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

காயில் கட்டக் கொடுக்கும்போதும் கிளாஸைக் கேளுங்கள். கம்பி, ஸ்லாட் பேப்பர், சிலீவ், வார்னிஷ் நான்கும் அந்தக் கிளாஸில் இருக்க வேண்டும். ஒன்று மட்டம் என்றால் மோட்டாரே அந்த மட்டம்தான். இவருடைய மோட்டாரில் முதல் தடவை கட்டியவர் போட்ட பேப்பர் தொட்டதும் உதிர்ந்தது.

இன்னொன்று, கெப்பாசிட்டர் மேல் 440 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து "இது 440 மோட்டார்" என்று சொல்லி வாங்க வந்தவர்கள் உண்டு. அது கெப்பாசிட்டர் தாங்கும் அளவு. மோட்டாரின் வோல்டேஜை மோட்டார் தகட்டில் மட்டும் பாருங்கள்.

அந்த வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: 0.75 கிலோவாட், தகட்டில் 180-240 வோல்ட் என்று இருக்க வேண்டும், கிளாஸ் எஃப், தண்ணீரை ஏற்றும் உயரமான ஹெட் பழைய பம்பில் இருந்த அதே அளவு. ஒயரை 4 ஸ்கொயர் எம்.எம். ஆக மாற்றச் சொன்னேன். கரண்டு மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர் ஒன்று. அந்த ரிலேயைத் தகட்டு ஆம்பியரில் வைக்க வேண்டும். "அடிக்கடி விழுது" என்று திருகிக் கூட்டி வைக்கக் கூடாது. விழுந்தால் மோட்டார் உங்களிடம் ஏதோ சொல்கிறது, என்னைக் கூப்பிடுங்கள்.

தயவுசெய்து தகட்டின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். ஏற்கனவே அடித்திருந்தால் தின்னர் நனைத்த துணியால் மெல்லத் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழுத்தும் போய்விடும். மெயினை அணைத்துவிட்டுத்தான் மோட்டார் பக்கம் கையே போக வேண்டும். தகட்டை நேராக, நிழல் விழாமல் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வையுங்கள்.

நான் எழுதிக் கொடுத்தபடி வாங்கிய மோட்டாரை மாட்டிய அன்று மாலையும் மீட்டரில் 205 வோல்ட்தான். மோட்டார் முனையில் 199 வந்தது. டாங் டெஸ்டர் 6.7 காட்டியது, தகட்டில் 7.5. ரிலேயை 7.5-இல் வைத்துவிட்டு, அந்தத் தம்பியிடம் 7.5 என்ற அந்த எண்ணை ஸ்டார்ட்டர் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதச் சொன்னேன்.