517 பெட்டியா, 226 வீடா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே மதுரையில் பலகாரம் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எண்கள் ஏற ஆரம்பித்துவிடும். '1000 பெட்டி தாண்டியாச்சு' என்பார் ஒருவர். 'ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தேர்வு' என்பார் இன்னொருவர். இதில் எது எண்ணிச் சொன்னது, எது வாய்க்கு வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அந்த எண் கொஞ்சம் வேலை செய்துவிடுகிறது.

நாம் ருசி பார்க்காத அதிரசத்தை வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுக் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பது ஒரு தகவல். இதைச் சமூகச் சான்று என்கிறார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984இல் எழுதிய நூலுக்குப் பிறகு பரவலான சொல் இது. சீனாவில் ஒரு உணவகத்தில் இதைச் சோதித்தார்கள். சில மேசைகளில், அங்கே அதிகம் விற்கும் ஐந்து உணவுகளின் பெயரை எழுதி வைத்தார்கள். வேறு சில மேசைகளில் 'அதிகம் விற்பவை' என்று சொல்லாமல் ஐந்து உணவுகளை மட்டும் எடுத்துக் காட்டினார்கள். முதல் வகை மேசைகளில் அந்த உணவுகளுக்கான கேட்பு 13 முதல் 20 சதவீதம் வரை கூடியது. இரண்டாம் வகையில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. பெயர் கண்ணில் பட்டது மட்டும் யாரையும் கேட்க வைக்கவில்லை, மற்றவர்கள் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்ற செய்திதான் கேட்க வைத்தது.

அப்படியானால் எதை எண்ண வேண்டும் என்பதும் தெளிவாகிவிடுகிறது. தனித்தனியாக யோசித்து முடிவு எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் சான்று. பெட்டியின் எண்ணிக்கை அதற்கு ஒரு பதிலி, அதுவும் சில நேரம் மோசமான பதிலி.

கணக்குக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். திருநகரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறார் ஒரு அம்மா. புதன்கிழமை இரவு அவருடைய ஆர்டர் நோட்டில் 540 பெட்டி இருக்கிறது. ஸ்டேட்டஸில் போடக் கை முதலில் போவது இந்த எண்ணுக்குத்தான். ஆனால் அதில் 23 பெட்டி சொல்லி வைத்தது மட்டும், இன்னும் யாரும் வந்து வாங்கவில்லை. பணம் வாங்கி, பில் போட்டு, கையில் கொடுத்தது 517.

இந்த 517 சரிதானா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: காலி அட்டைப்பெட்டி. அவர் சிவகாசியில் அச்சடித்து வாங்கியது 600. மீதி 58, நசுங்கிப்போனது 9. ஆக, வீட்டை விட்டுப் போனது 533. அதில் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சும்மா கொடுத்தது 12. மிச்சம் 521 வரவேண்டும், பில்லில் இருப்பது 517. நாலு பெட்டி இடிக்கிறது. அவசரத்தில் பில் போடாமல் கொடுத்திருக்கலாம். பரவாயில்லை, சின்ன எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். இடைவெளி நாலாக இல்லாமல் நாற்பதாக இருந்தால் மட்டும் நோட்டை மறுபடி புரட்டித்தான் ஆகவேண்டும்.

517 உண்மை. ஆனாலும் அது பார்ப்பவரை ஏமாற்றும். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்று தன் ஊழியர்களுக்காக 150 பெட்டி எடுத்திருக்கிறது. பெட்டி 150, முடிவு எடுத்தது ஒரே ஒரு முதலாளி. அவர் ருசியைப் பார்த்தாரா, கிடைத்த தள்ளுபடியைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. அதைக் கழித்தால் 367 பெட்டி, 241 பில். பில்லில் உள்ள போன் நம்பரை வைத்து ஒரே வீட்டுப் பில்களைச் சேர்த்தால் 226 வீடு. 15 வீடுகள் இரண்டாவது தடவை வந்து வாங்கியிருக்கின்றன.

என்னைக் கேட்டால் அந்த நோட்டிலேயே கனமான எண் இந்த 15தான். முதல் பெட்டியை வாங்க ஸ்டேட்டஸ் போதும். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு மறுபடி வருவதற்கு அது போதாது. 'புதன் இரவு வரை 226 வீடுகளுக்கு 367 பெட்டி போயிருக்கிறது. அதில் 15 வீடுகள் இரண்டாவது தடவை வாங்கியவை. இது போக, ஒரு ஜவுளிக்கடைக்கு மொத்தமாக 150' என்று அப்படியே எழுதிவிடலாம். இதில் எதுவும் மறைக்கவில்லை. எந்த எண்ணைக் கேட்டாலும் நோட்டில் காட்ட முடியும்.

எண்ணை ரவுண்டாக்க ஆசை வந்தால் கீழே இறக்குங்கள். '200 வீடுகளுக்கு மேல்' என்பது உண்மை. 'கிட்டத்தட்ட 300' என்பது பொய், எவ்வளவு நெளிந்தாலும்.

எண் பெரிதாக இருந்தால்தான் எடுபடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று கேட்கும் அட்டைகளை அறைகளில் வைத்தார்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்று மட்டும் சொன்ன அட்டையைப் பார்த்தவர்களில் 37 சதவீதம் பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். 'இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்தார்கள்' என்ற அட்டைக்கு 49 சதவீதம். ஹோட்டல் முழுக்கத் தங்கியவர்களைவிட அந்த ஒரு அறையில் தங்கியவர்கள் மிகக் குறைவு. ஆனால் நெருக்கம் வேலை செய்தது. ஆகவே நம் அம்மாவின் 226 வீடுகளில் 64 திருநகரிலேயே இருந்தால், திருநகர்க்காரர்கள் பார்க்கும் குழுவில் 64ஐப் போடுவது நல்லது. எண்ணைக் குறைத்து வலுவைக் கூட்டும் வேலை இது.

விற்றதே ஏழு பெட்டி என்றால்? எண்ணைப் போடாமல் விட்டுவிடுங்கள். 'ஏழு பேர்தான் வாங்கினார்களா' என்பதும் ஒரு தகவல்தான், அது உங்களுக்கு எதிராகவே பேசும். எண்ணெய் எது, எப்போது போட்டது, எத்தனை நாள் தாங்கும் என்று எழுதலாம். எண் தானாக வரும்வரை காத்திருப்பதில் பொய் எதுவும் இல்லை.

ஏற்றிச் சொன்னால் என்னதான் ஆகிவிடும் என்ற கேள்விக்கும் சோதனை இருக்கிறது. சமூகவியலாளர்கள் மேத்யூ சால்கானிக், டங்கன் வாட்ஸ் இருவரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, யாரும் கேள்விப்படாத 48 பாடல்களை இணையத்தில் கேட்கக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண். 2008இல் வெளியான பகுதியில் அந்த எண்களைத் தலைகீழாக மாற்றிக் காட்டினார்கள்: கடைசியில் இருந்த பாடல் முதலிடத்தில், முதல் பாடல் கடைசியில். பல பாடல்களுக்குப் பொய் பலித்தது, எண்ணைப் பார்த்தவர்கள் அதையே பின்பற்றினார்கள். ஆனால் உண்மையிலேயே நன்றாக இருந்த சில பாடல்கள் மெல்ல மேலே ஏறி வந்தன. முக்கியமாக, மொத்தமாக இறக்கிக்கொண்ட பாடல்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. மேலே இருந்ததைக் கேட்டுப் பிடிக்காமல் போனவர்கள் கீழே தேடாமல் கிளம்பியிருக்கலாம். ஒரு தெருவில் நாலு பேர் ஏற்றிச் சொன்னால் எண்ணிச் சொன்ன ஐந்தாமவரின் வியாபாரமும் படுக்கும் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டமும் இப்போது இதைத் தொடுகிறது. இணையத்தில் விற்பவர்களுக்காக மத்திய அரசு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒரு பொருளுக்கு இல்லாத மவுசை இருப்பதாகக் காட்டி வாங்க அவசரப்படுத்துவதைத் தவறான வழக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. வீட்டில் பலகாரம் போடுகிறவர் வாசலில் அதிகாரி வந்து நிற்பாரா என்றால், பெரும்பாலும் மாட்டார். 'ஆயிரம் பெட்டின்னு போட்டிருந்தீங்களே அக்கா, எங்க தெருவுல யாரும் வாங்கின மாதிரி தெரியலையே' என்று அடுத்த தெருப் பெண் கேட்பது நடக்கும்.

எண்ணுக்குப் பக்கத்தில் தேதி போட மறக்க வேண்டாம். 226 என்பது புதன் இரவுக் கணக்கு, சனிக்கிழமை வேறாக இருக்கும். அடுத்த தீபாவளிக்கு அதே படத்தை எடுத்துப் போட்டால் 'போன வருஷம்' என்று மேலே எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் உண்மையான எண்ணே பொய்யாகிவிடும்.