பேனா பரிசு வாங்கியவர்களுக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது?

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கைபேசியில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். மதிப்பெண் பட்டியலைப் படம் பிடித்து, முதல் ஐந்து பேரும் கடைசி ஐந்து பேரும் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டியிருந்தார். ஒன்று முதல் தேர்வு. இன்னொன்று, மூன்று வாரம் கழித்து அதே பாடத்தில் வைத்த மறுதேர்வில் அதே பத்துப் பேர்.

முதல் தேர்வில் ஐம்பதுக்கு 48, 47, 46, 45, 44 எடுத்தவர்களுக்குப் பேனா பரிசு கொடுத்திருக்கிறார். மறுதேர்வில் அவர்கள் எடுத்தது முறையே 41, 46, 38, 46, 39. கடைசியில் இருந்த ஐவர் 11, 12, 14, 16, 17 எடுத்திருந்தார்கள். அவர்களைக் காலையில் அரை மணி நேரம் முன்னதாக வரவைத்துப் பாடம் நடத்தினார். மறுதேர்வில் 21, 14, 22, 15, 20.

“பரிசு கொடுத்ததும் அலட்சியம் வந்துவிட்டது, காலை வகுப்பு பலன் தந்திருக்கிறது. இனி பரிசை நிறுத்திவிடலாமா?” என்று கேட்கிறார். 48லிருந்து 41க்கு வந்த பிள்ளைக்கு வீட்டில் திருஷ்டி சுற்றிப் போட்டார்களாம்.

பரிசை நிறுத்த வேண்டாம். பரிசே கொடுக்காமல், காலை வகுப்பே வைக்காமல் இருந்தாலும் ஏறத்தாழ இதேதான் நடந்திருக்கும்.

ஒரு மதிப்பெண்ணில் இரண்டு பங்கு உண்டு: பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்று, அன்றைய நேரம் இன்னொன்று. முந்தின இரவு போட்டுப் பார்த்த கணக்கே வந்திருக்கலாம், கழித்தல் குறியை மறந்திருக்கலாம், தலைவலியாக இருந்திருக்கலாம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போதுதான் எனக்கு இன்றும் வியப்பு வருகிறது.

46 எடுத்த ஒருவரைப் பாருங்கள். அவருடைய உண்மைத் தரம் 43 ஆக இருந்து, அன்றைய நேரம் மூன்று மதிப்பெண்ணைக் கூட்டியிருக்கலாம். அல்லது தரம் 49 ஆக இருந்து, கவனக்குறைவில் மூன்று போயிருக்கலாம். எதற்கு வாய்ப்பு அதிகம்? இந்த வகுப்பின் சராசரி 30. அப்படியென்றால் 43 தரத்தில் இருக்கும் பிள்ளைகள் 49 தரத்தில் இருப்பவர்களைவிட அதிகம். எனவே 46 எடுத்தவர் கீழிருந்து தூக்கிவிடப்பட்டவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். மதிப்பெண்ணைப் பார்த்து முதல் ஐவரைப் பொறுக்கும்போது, நல்ல நேரத்தையும் சேர்த்தே பொறுக்குகிறோம். மறுதேர்வுக்குத் தெரிந்தது கூடவே வரும், அந்த நேரம் வராது. கடைசி ஐவருக்கு இதே கணக்கு தலைகீழாக நடக்கிறது.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? ஆசிரியையிடம் முழுப் பட்டியலையும் வெட்டாமல் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுதேர்விலும் வகுப்புச் சராசரி 30தான். அதில் முதல் ஐந்து இடம் 48, 47, 46, 46, 45. இந்த ஐவரும் முதல் தேர்வில் எடுத்திருந்தது 40, 43, 47, 45, 38. அதாவது மறுதேர்வில் சராசரி 46.4 எடுத்தவர்கள் முதல் தேர்வில் 42.6தான் எடுத்திருந்தார்கள். காலத்தில் பின்னோக்கிப் போனாலும் அதே சரிவு! பின்னால் கொடுத்த பேனா முன்னால் எழுதிய தேர்வைக் கெடுத்திருக்க முடியாது. திருஷ்டிக்கும் அந்தச் சக்தி கிடையாது. வெட்டிய படத்தில் மறைந்து போனவர்கள் இவர்கள்தான்: நடுவிலிருந்து மேலே ஏறி வந்த மூன்று பேர். பழைய ஆட்கள் சிலர் இறங்க, புது ஆட்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். வகுப்பு மொத்தமும் நடுவில் போய்க் குவிந்துவிடுவதில்லை.

ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டது இதுதான். புள்ளியியலில், திரும்பிப் போவது என்று பொருள்படும் ‘ரிக்ரெஷன்’ என்ற சொல் நிலைத்ததும் அதனால்தான். இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்த உளவியலாளர் டேனியல் கானமனிடம் ஒரு பயிற்சியாளர், பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள் என்றாராம். நம் ஆசிரியைக்கு வந்த அதே மயக்கம்.

எவ்வளவு இறங்கும் என்பதையும் சொல்லலாம். முதல் ஐவர் சராசரியிலிருந்து 16 மதிப்பெண் மேலே இருந்தார்கள், மறுதேர்வில் 12 மேலே. முக்கால் பங்கு நின்றிருக்கிறது. கடைசி ஐவரின் தூரம் 16லிருந்து 11.6 ஆனது. மேலேயும் கீழேயும் சுருக்கம் ஏறத்தாழ ஒரே அளவு. காலை வகுப்பு பெரிதாக உதவியிருந்தால் கீழ்ப்பக்கம் நன்றாகவே கூடுதலாகச் சுருங்கியிருக்க வேண்டும். அதற்காக வகுப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. ஐந்து பேரை வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அடுத்த தேர்வில் கடைசிப் பத்துப் பேரை எடுத்துச் சீட்டுக் குலுக்கி, ஐந்து பேருக்கு இப்போதும் மற்ற ஐவருக்கு அடுத்த மாதமும் வகுப்பு வைக்கலாம். இரண்டு கூட்டமும் தானாகச் சராசரி பக்கம் வரும். அதற்கு மேல் முதல் கூட்டம் எவ்வளவு ஏறியதோ அதுவே வகுப்பின் பலன். இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துச் செய்தால் இன்னும் நம்பலாம். பின்தங்கிய மாணவர்களுக்கென்று பொதுப்பணத்தில் திட்டம் போடுகிறவர்களும் இந்தக் குலுக்கலை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லாவிட்டால் ஒன்றுமே செய்யாத திட்டமும் அறிக்கையில் வெற்றி பெற்றுவிடும்.

ஆசிரியை சம்மதித்திருக்கிறார். சீட்டை மாணவர்களே எடுப்பார்களாம். பேனாவும் உண்டு.