பழைய காருக்கு முழுக் காப்புறுதி எப்போது கட்டுப்படியாகும்?

சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் இரண்டு மைவி கார்கள் காப்புறுதி முகவரான என் மேசைக்கு வந்தன. இரண்டும் 2012-இல் பதிவானவை, இரண்டும் 1.3 இஞ்சின், சந்தை மதிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், 16,000 வெள்ளி. ஒன்று ஜெலுத்தோங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. இன்னொன்றைப் பிறையில் இருக்கும் ஒரு தம்பி, கையில் இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியிருந்தார். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "பழைய கார்தானே, மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தால் போதாதா?"

சட்டப்படி போதும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் கேட்பது, உங்கள் காரால் மற்றவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால் ஈடுகட்டும் காப்புறுதியைத்தான். நாம் வழக்கமாக எடுக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசி அதோடு மற்றவரின் கார், வேலி, கடைச் சுவர் போன்ற சேதத்தையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் உங்கள் காருக்கு அதில் ஒரு காசும் வராது. இடித்தாலும் எரிந்தாலும் திருடு போனாலும் உங்கள் பாடு. காம்ப்ரிஹென்சிவ் எனப்படும் முழுக் காப்புறுதி உங்கள் காரையும் பார்த்துக்கொள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வித்தியாசத்துக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம், பதிலுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பலர் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை.

முதலில் ஆசிரியையின் கணக்கைப் போட்டேன். 2017 ஜூலையிலிருந்து முழுக் காப்புறுதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே நிர்ணயிக்கலாம். அதனால் ஒரு பொது அளவுக்காகப் பழைய கட்டண அட்டவணையை வைத்துச் சொல்கிறேன். 1,400 சிசி-க்குள் இருக்கும் காருக்கு, தீபகற்ப மலேசியாவில், 16,000 வெள்ளிக்கு முழுக் காப்புறுதி 663.80 வெள்ளி. தேர்ட் பார்ட்டி 120.60 வெள்ளி. கிளைம் செய்யாமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் என்.சி.டி. கழிவு ஆசிரியைக்கு 55 விழுக்காடு இருந்தது. அதைக் கழித்து, 8 விழுக்காடு சேவை வரியும் 10 வெள்ளி முத்திரைத் தீர்வையும் சேர்த்தால் முழுக் காப்புறுதி 332.61, தேர்ட் பார்ட்டி 68.61. வித்தியாசம் 264 வெள்ளி. காரின் மதிப்பில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

அதே கணக்கைத் தம்பிக்குப் போட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அண்ணே, பழைய ஓனருக்கு 55 விழுக்காடு இருந்ததுன்னு சொன்னாங்களே, அது கார் கூட வராதா?" வராது. என்.சி.டி. ஆளுக்குரியது, காருக்குரியது அல்ல. உங்கள் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பதை mycarinfo.com.my தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தம்பிக்கு அது சுழியம். அவருக்கு முழுக் காப்புறுதி 726.90, தேர்ட் பார்ட்டி 140.25. வித்தியாசம் 587 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே கார், ஒரே மதிப்பு, ஆனால் இவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் செலவு. ஆகவே "பத்து வருஷக் காருக்கு எது நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. காரை யார் வைத்திருக்கிறார் என்பது தெரிய வேண்டும்.

இனி, கிடைப்பது என்ன? ஆசிரியை தன் தவற்றால் காரை எங்காவது இடித்துவிட்டார் என்று வைப்போம். பட்டறையில் உதிரிபாகம் 1,000 வெள்ளி, கூலியும் பெயிண்டும் 400 வெள்ளி. காப்புறுதி 1,400 வெள்ளியும் கொடுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பத்து வயதைத் தாண்டிய காரில், தேய்ந்த பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போடும்போது அதன் விலையில் 40 விழுக்காட்டை உரிமையாளர் கட்ட வேண்டும். இதைத்தான் பெட்டர்மெண்ட் என்கிறோம். ஐந்தாம் வயதில் 15 விழுக்காட்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஐந்து ஐந்தாக ஏறி, பத்தில் 40-இல் நின்றுவிடும். கூலிக்கு இது கிடையாது. ஆக, நிறுவனம் கொடுப்பது 1,000 வெள்ளி.

அந்த 1,000 வெள்ளியை வாங்கியதும் 55 விழுக்காடு சுழியத்துக்கு இறங்கும். பிறகு 25, 30, 38.33, 45 என்று ஏறி மறுபடி 55-ஐத் தொட ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் கூடுதலாகக் கட்டப்போவதைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 900 வெள்ளி வருகிறது. 1,000 வாங்கி 900 திருப்பிக் கொடுப்பதற்கா பட்டறைக்கும் போலீஸ் நிலையத்துக்கும் அலைய வேண்டும்? சின்னச் சேதத்துக்கு கிளைம் செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கார் முழுதாகப் போகும் நாளின் கணக்கே வேறு. திருடு போய்விட்டது, எரிந்துவிட்டது, அல்லது சரிசெய்யும் செலவு காரின் விலையை எட்டிவிட்டது என்றால் பெட்டர்மெண்ட் என்ற பேச்சே வராது. சந்தை மதிப்பு கைக்கு வரும். என்.சி.டி. போனாலும் 16,000-க்கு முன் அந்த 900 ஒன்றுமில்லை. பழைய காருக்கு முழுக் காப்புறுதி எடுப்பவர் இந்த ஒரு நாளுக்காகத்தான் பணம் கட்டுகிறார். பம்பர் கீறலுக்காக அல்ல.

இன்னொரு பயனும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. தவறு மற்றவர் மேல் இருக்கும்போதும் முழுக் காப்புறுதி உதவும். என் வாடிக்கையாளர் ஒருவர் கிரீன் லேன் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. அவரிடம் முழுக் காப்புறுதி இருந்திருந்தால் நாக் ஃபார் நாக் முறையில் தன் நிறுவனத்திடமே கிளைம் செய்து, என்.சி.டி.யையும் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அவரிடம் இருந்தது தேர்ட் பார்ட்டி. சேதத்தை மதிப்பிட அட்ஜஸ்டரைத் தானே பிடித்து, போலீஸ் முடிவுக்குக் காத்திருந்து, எதிர்த்தரப்பின் நிறுவனத்தோடு மாதக்கணக்கில் கடிதம் நடத்தினார். கார் ஓட்டத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் பட்டறைக் கூலியையும் முதலில் தன் பையிலிருந்தே கட்டினார். பணம் கடைசியில் வந்தது. ஆனால் தினமும் பாலம் கடந்து பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஒருவருக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று இருக்கிறது. 2017 நவம்பர் 4 இரவு பெய்த மழையில் பினாங்கு தண்ணீரில் மூழ்கியது. இரண்டு நாள் கழித்து ஒரு அக்கா தன் காரைக் காட்ட என்னை அழைத்துப் போனார். கதவைத் திறந்ததும் சேற்று வாடை. ஸ்டியரிங்கின் பாதி உயரத்தில், கோடு போட்டதுபோல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. "முழுக் காப்புறுதிதானே தம்பி கட்டியிருக்கேன்" என்றார். கட்டியிருந்தார். ஆனால் சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் இல்லை. புயல், நிலச்சரிவு எதுவும் இல்லை. மரம் விழுவதிலும் இதே பிரிவு உண்டு: காற்றில்லாத நாளில் மரம் முறிந்து விழுந்தால் சாதாரணப் பாலிசி பார்த்துக்கொள்ளும், புயலில் விழுந்தால் பார்க்காது. இவற்றுக்கெல்லாம் ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அந்த அக்காவுக்கு வேறொருவர் பாலிசி போட்டிருந்தார். இதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழைய அட்டவணையில் அதன் விலை காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு. 16,000 வெள்ளிக்கு 80 வெள்ளி, வரியோடு 86.40. இன்று அதைவிடக் குறைவாகக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. பழைய காருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் கூடுதல் பாதுகாப்பு இது ஒன்றுதான். வெள்ளம் பழைய காரைப் பாதியில் விடாது. வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, இருக்கை என்று எல்லாவற்றையும் மாற்றும் செலவு சீக்கிரமே காரின் விலையைத் தொட்டுவிடும். அதாவது முழு இழப்பு, முழுத் தொகை. மேட்டில் இருக்கும் அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் காரை நிறுத்துபவர், வேலையிடத்திலும் அப்படியே என்றால், இதை விட்டுவிடலாம். ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான இடங்களில் நிறுத்துபவர் விடக்கூடாது.

கண்ணாடிக் காப்புறுதி எளிய கணக்கு. கண்ணாடியின் மதிப்பில் 15 விழுக்காடு வாங்குகிறார்கள், கிளைம் செய்தால் என்.சி.டி. போகாது. ஏழு ஆண்டுக்குள் ஒரு தடவை உடையும் என்றால் கட்டுப்படியாகும். தினமும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் போகிறவருக்குச் சரி. பழைய மைவியின் கண்ணாடி சில நூறு வெள்ளிதான், மற்றவர்கள் கையிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். பெட்டர்மெண்ட் விலக்கு என்றும் ஒன்றை விற்கிறார்கள். பல நிறுவனங்கள் அதற்குக் கார் வயதில் வரம்பு வைத்திருக்கின்றன. கிடைத்தாலும், சின்ன கிளைமே செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

பிரீமியத்தைக் குறைக்கக் காப்புறுதித் தொகையைக் குறைத்து எழுதச் சொல்பவர்களும் உண்டு. 16,000 மதிப்புள்ள காரை 10,000 என்று எழுதினால் ஆசிரியைக்கு மிச்சமாவது 75 வெள்ளி சுமார். சந்தை மதிப்பின் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எந்த கிளைமிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இங்கே 16-இல் 10 பங்குதான் வரும். இதை மட்டும் செய்யாதீர்கள்.

என் வேலையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. இரண்டு பாலிசிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காரின் சந்தை மதிப்போடு ஒப்பிடுவேன். நூற்றுக்கு மூன்றுக்குள் இருந்தால் முழுக் காப்புறுதி. ஐந்தைத் தாண்டினால் தேர்ட் பார்ட்டி. 5,000 வெள்ளி மதிப்புள்ள கான்சில் காருக்கு, என்.சி.டி. இல்லாதவர் 278 வெள்ளி வித்தியாசம் கொடுக்க வேண்டியிருக்கும், அது ஐந்தரை விழுக்காடு. பதினைந்து வயதைத் தாண்டிய காருக்குப் பல நிறுவனங்கள் முழுக் காப்புறுதி தருவதே இல்லை, தருபவர்களும் லோடிங் என்று பிரீமியத்தை ஏற்றுவார்கள். அந்தக் காருக்கு தேர்ட் பார்ட்டி எடுத்து, மிச்சப் பணத்தைத் தனியாகப் போட்டு வைப்பதே நல்லது. எனக்குக் கமிஷன் பிரீமியத்தில் 10 விழுக்காடு, ஆகவே தேர்ட் பார்ட்டி விற்றால் எனக்குக் குறையும். அப்படியும் இதைத்தான் சொல்வேன். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் இருந்தால் ஒரு கேள்வி கேட்பேன்: நாளைக் காலை கார் இல்லை என்றால், இன்னொன்று வாங்கக் கையில் பணம் இருக்கிறதா?

தம்பியின் கணக்கு 3.7 விழுக்காட்டில் நின்றது. புதிதாக ஓட்டுபவருக்குரிய பி லைசன்ஸ் என்பதால் தன் காருக்குக் கிளைம் செய்தால் முதல் 400 வெள்ளி அவருடையது என்பதையும் சொன்னேன். சேமிப்பு முழுதும் காரில் இருந்தது, வீட்டு முன்னால் மழைக்குத் தண்ணீர் தேங்கும் என்றார். முழுக் காப்புறுதியும் ஸ்பெஷல் பெரில்ஸும் எடுத்தார், கண்ணாடியை விட்டுவிட்டார். 813.30 வெள்ளி. கவர் நோட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யாதே, படம் எடு, என்னைக் கூப்பிடு, 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட்.