ஒரு தாளின் கனம் நீளும் போல்ட்டு

கோவையில் போல்ட்டு, நட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கண்காட்சி அரங்கு அமைத்துக் கொடுத்தபோது, பின்சுவர் முழுக்க ஒரு யானைப் படத்தை ஒட்டினேன். ஒற்றை போல்ட்டின் மேல் யானை நிற்கும். பார்த்தவர்கள் படத்தை ரசித்தார்கள், மேசையில் இருந்த மிட்டாயை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு மில்லின் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன் மட்டும் நின்று கேட்டார்: "ஏனுங்க தம்பி, எங்க மெஷின் மேல எந்த யானைங்க வந்து ஏறுது? எங்களுக்கு நட்டு லூஸாகறதுதானுங்க பிரச்சினை."

அந்த ஒரு கேள்வியில் என் தவறு விளங்கிவிட்டது. போல்ட்டு நசுங்கித் தோற்பதில்லை. அதிர்வில் பிடி விட்டுத்தான் தோற்கிறது. உவமை கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், பொருள் உண்மையில் செய்யும் வேலையைக் காட்டவில்லை என்றால் வாங்குபவரின் அனுபவத்தோடு அது ஒட்டாது. அப்படியானால் போல்ட்டு என்னதான் வேலை செய்கிறது? பத்து நாள் அவர்கள் பட்டறையிலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போல்ட்டு ஒரு ஸ்பிரிங். நட்டைத் திருகத் திருக அது நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுப்புதான் இரண்டு தகடுகளையும் சேர்த்து அமுக்குகிறது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்12 அளவு, 8.8 என்ற வலிமை கிரேடு போல்ட்டைச் சரியாக முறுக்கினால் ஏறத்தாழ 3.8 டன் அமுக்கம் கிடைக்கும். நான்கு சிறிய கார்களின் எடை அது. தகடுகளின் மொத்தக் கனம் 5 சென்டிமீட்டர் என்றால், அந்த அமுக்கத்துக்காக போல்ட்டு நீள்வது சுமார் 0.11 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைத் தாளின் கனம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அந்தத் தாளைச் சுற்றித்தான் அடுத்த அரங்கையே அமைத்தோம்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மரக்கட்டைகள். ஒரு நீள போல்ட்டை நடுவில் அறுத்து, இரண்டு துண்டுகளிலும் துளையிட்டு, இடையில் ஓர் இழுவை ஸ்பிரிங்கை மாட்டினோம். கட்டையின் முன்பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டதால் உள்ளே ஸ்பிரிங் தெரியும். கட்டைகளுக்கு இடையில் ஒரு வெள்ளைத் தாள். வருபவரிடம் தாளை உருவச் சொல்வோம், சுலபமாக வந்துவிடும். மறுபடி தாளை வைத்து, ஸ்பேனரைக் கையில் கொடுத்து நட்டைத் திருகச் சொல்வோம். ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் நீள்வதை அவரே பார்ப்பார். இப்போது இழுத்தால் தாள் கிழியும், உருவிக்கொண்டு வராது. கிழிந்த துண்டு அவர் கையில் இருக்கும்போதே சொல்வோம்: "நிஜ போல்ட்டு நீள்றது இந்தத் தாளோட கனம்தாங்க. அந்த அளவுகூட நீளலைன்னா பிடிப்பே கிடைக்காது."

முதலில் இதே விஷயத்தை ரப்பர் பேண்டை வைத்துக் காட்டிப் பார்த்தோம். மலிவு, எல்லோருக்கும் தெரிந்த பொருள். ஆனால் இழுத்து முடிப்பதற்குள் "இழுத்தா அறுந்துரும்ல?" என்றுதான் பலரும் கேட்டார்கள். ரப்பர் அவர்கள் மனதில் பலவீனத்தின் சின்னம். உவமை என்று எதை எடுத்தாலும், மக்கள் அதைப் பற்றி ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணமும் கூடவே வந்துவிடும்.

ஸ்பிரிங்கிலும் ஒரு ஆபத்து இருந்தது. எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு நல்லது என்று புரிந்துகொண்டு, ஸ்பேனரில் பைப் செருகி முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வேண்டுமென்றே அளவுக்கு மீறி இழுத்துக் கெடுத்த ஒரு ஸ்பிரிங்கைப் பக்கத்திலேயே வைத்தோம். அது சுருங்கவே சுருங்காது, அதைக் கட்டையில் மாட்டினால் தாள் வழுக்கிக்கொண்டு வரும். எல்லை மீறி முறுக்கிய போல்ட்டின் கதியும் இதுதான் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறித்த முறுக்கு அளவுக்கு நட்டை இறுக்க உதவும் டார்க் ரெஞ்சைப் பற்றிப் பேச மேசையில் பத்து நாணயங்களை வரிசையாக அடுக்கினோம். கை கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ ஐந்து பங்கு நட்டுக்கு அடியில் நடக்கும் உராய்வுக்குப் போகும், நான்கு பங்கு மரையின் உராய்வுக்குப் போகும். ஒன்பது நாணயங்களைத் தள்ளிவிட்டு மிச்சமிருக்கும் ஒன்றைக் காட்டுவோம். போல்ட்டை நீட்டுவது அது ஒன்றுதான். மரையில் எண்ணெய் போட்டால் உராய்வின் பங்கு குறையும், நீட்டும் பங்கு கூடும். எனவே உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவிலேயே ரெஞ்சை வைத்தால் போல்ட்டு எல்லையைத் தாண்டிவிடலாம். வயதான ஃபிட்டர்கள் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்றார்கள். தலை தெறித்த ஏதோ ஒரு போல்ட்டின் கதை அவர்கள் ஒவ்வொருவரிடமும் இருந்தது.

அடுத்தது அதிர்வு. ஒரு சின்ன மோட்டாரில் தகட்டை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தோம். அரை மணி நேரம் ஓடியும் எந்த நட்டும் அசையவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டியது, தகடு பக்கவாட்டில் வழுக்கும்போதுதான் நட்டு மிக எளிதாகத் தானே கழலுகிறது என்பது. மோட்டாரைத் திருப்பி வைத்துப் பக்கவாட்டில் ஆட்டினோம்.

ஒரு பக்கம் வலிமை குறைந்த 4.6 கிரேடு போல்ட்டு, அதற்கு ஸ்பிரிங் வாஷர். மறுபக்கம் 8.8. இரண்டையும் அதனதன் அளவுக்கு முறுக்கினோம். 4.6 தாங்கும் இழுப்பு, 8.8 தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். அமுக்கம் அவ்வளவு குறைவதால் அங்கே தகடு வழுக்கத் தொடங்கும். நட்டிலிருந்து தகடு வரை ஒரே நேர்கோடாகச் சிவப்பு பெயின்ட்டில் கோடு போட்டிருந்தோம். மோட்டார் ஓடிக் கொஞ்ச நேரத்தில் 4.6 பக்கம் கோடு இரண்டாக முறிந்து விலகுவது கண்ணெதிரே தெரியும். ஸ்பிரிங் வாஷர் அங்கே உதவவில்லை. நட்டு முழு இறுக்கத்தை எட்டுவதற்கு வெகு முன்பே அது தட்டையாகிவிடுகிறது, அதன்பின் அது சாதா வாஷர்தான்.

யானையைப் பற்றிக் கேட்ட அதே ஃபோர்மேன் இந்த முறையும் வந்தார். இரண்டு கோடுகளையும் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அதிகமா ஆட்டினீங்கன்னா அதுவும் கழலுமுங்களா?" என்றார்.

எங்கள் விற்பனை மேலாளர் என் முகத்தைப் பார்த்தார். ஆட்டத்தின் வீச்சைக் கூட்டச் சொன்னேன். 8.8 பக்கமும் தகடு வழுக்கியது, கோடு மெல்ல விலகியது. எந்த போல்ட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டும் இடங்களில் இணைப்பின் வடிவத்தையோ பூட்டும் முறையையோ மாற்றத்தான் வேண்டும் என்று சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு, தன் மில்லில் எந்தெந்த இடத்தில் நட்டு கழலுகிறது என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. விலையைக் கடைசியில்தான் கேட்டார்.

அவர் கிளம்பும்போது கேட்டு வாங்கிப்போனது சிவப்பு பெயின்ட் பேனா ஒன்று. இப்போது அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு பெரிய பெட்டியிலும் ஒரு பேனா போகிறது. முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை கோடு போடச் சொல்லும் சின்ன படமும் மூடியின் உட்புறத்தில் இருக்கிறது.