இரத்தக் கொதிப்பா, இரத்த அழுத்தமா? முதல் தடவை டாக்டரிடம் கேட்க வேண்டியவை

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தைக்கு 54 வயது. தெருவில் நடந்த ஒரு முகாமில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "158-க்கு 96. கொதிப்பு இருக்கு, டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு போன் செய்தார். "எனக்கு இன்னாத்துக்குப்பா கொதிப்பு? நான் யார்கிட்டயும் கோவமே படறதில்லையே."

தவறு அத்தையிடம் இல்லை, அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கொதி என்றால் நமக்கு அடுப்பில் பொங்கும் தண்ணீர், இல்லாவிட்டால் கோபம். "இரத்தம் கொதிக்குது" என்று ஆத்திரத்தில்தானே சொல்கிறோம். அதனால் இரத்தக் கொதிப்பு என்று கேட்டவுடன், கோபக்காரருக்கு வரும் நோய், சூட்டினால் வரும் நோய் என்று மனம் போய்விடுகிறது. அத்தையும் அன்று மாலையே உடம்புச் சூடு தணியட்டும் என்று உப்புப் போட்ட மோரை இரண்டு சொம்பு குடித்திருக்கிறார். இந்த நோயில் குறைக்க வேண்டிய முதல் பொருளே உப்புதான். இரத்தத்தின் சூட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே கிடையாது. சொல்லப்போனால், வெயில் காலத்தில் இரத்தக் குழாய்கள் விரிவதால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். குளிர் காலத்தில்தான் ஏறும்.

மருத்துவர்கள் சொல்லும் 'ஹைப்பர்டென்ஷன்' இன்னொரு பக்கம் குழப்புகிறது. ஹைப்பர் கிரேக்கச் சொல்; மேலே, அளவுக்கு மிஞ்சி என்று பொருள். டென்ஷன், இழுத்து விறைப்பாக்குவதைச் சொல்லும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. இங்கே விறைப்பு என்பது இரத்தக் குழாயின் விறைப்பு. நம் ஊரிலோ டென்ஷன் என்றால் மனக்கவலை. "டென்ஷன் ஆகாதீங்க, சரியாயிடும்" என்று பக்கத்து வீட்டார் சொல்வதும், மனசு லேசானதும் மாத்திரையை நிறுத்துவதும் அந்தப் பொருளை நம்பித்தான்.

எனக்குப் பிடித்த சொல் 'உயர் இரத்த அழுத்தம்'. இரத்தம் வடமொழி, குருதி என்பதே தமிழ் என்று 'உயர் குருதியழுத்தம்' எழுதுவோரும் உண்டு. அதுவும் நல்ல சொல்தான். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டென்று புரிவது இரத்தம். முக்கியமான பகுதி அழுத்தம்தான். குழாயின் சுவரை இரத்தம் அழுத்துகிறது, அந்த அழுத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவே நோய். அதோடு நம் பேச்சில் "ஆள் ரொம்ப அழுத்தம்" என்றால், உள்ளே இருப்பதை முகத்தில் காட்டாத ஆள். இந்த நோயும் அப்படித்தான். பெரும்பாலோருக்குத் தலைவலி, மயக்கம் எதுவும் இருக்காது. கருவியில் பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் முதல் கேள்வி கருவியைப் பற்றியதாக இருக்க வேண்டும்: "டாக்டர், எனக்கு இது உறுதியா? ஒரு தடவை பார்த்ததை வைத்துச் சொல்லிவிடலாமா?" முகாமில் அத்தை நடந்து வந்து, வரிசையில் நின்று, முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணிடம் பேசிக்கொண்டே கையை நீட்டியிருக்கிறார். இதில் ஒவ்வொன்றும் கருவி காட்டும் எண்ணை ஏற்றும். குண்டான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் ஏறும்.

வேலூரில் நாங்கள் பார்த்த டாக்டரம்மா அத்தையை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது, பாதம் தரையில், கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில். வலது கையில் 152/94, இடது கையில் 146/90. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி வலது கையில் 150/92. "இனி எப்பவும் வலது கையிலயே பாருங்கம்மா" என்றார். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாகக் காட்டும் கையைத்தான் பிறகு கணக்கில் வைப்பார்கள். அவர் பார்க்காவிட்டால் நாமே கேட்கலாம்.

அப்புறம் வீட்டில் ஏழு நாள் பார்க்கச் சொன்னார். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. ஆஸ்பத்திரி என்றாலே சிலருக்கு எண் ஏறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. முதல் நாளை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுத்தோம்: 144/89. ஆஸ்பத்திரியில் 140/90 எல்லை என்றால், வீட்டில் எல்லை 135/85. அத்தைக்கு இருப்பது நிஜம்தான் என்று அப்போதுதான் உறுதியானது. இந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் பொருந்தாது. 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது கேள்வி எண்ணைப் பற்றியது. மேல் பிரஷர், கீழ் பிரஷர் என்று நாம் சொல்வது சீட்டில் எழுதும் முறையை வைத்துத்தான். மேல் எண், இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம்; கீழ் எண், இதயம் விரிந்து நிரம்பும்போது இருப்பது. சுருங்கழுத்தம், விரிவழுத்தம் என்ற தமிழ்ப் பெயர்கள் இதைச் சரியாகவே சொல்கின்றன. "கீழ் எண் நார்மல்தானே" என்று மேல் எண்ணை விட்டுவிடக் கூடாது. இரண்டில் எது கூடினாலும் கூடியதுதான். ஆகவே கேளுங்கள்: "எனக்கு இரண்டும் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? எத்தனை வாரத்தில் திரும்ப வரணும்?" அத்தைக்கு முதலில் 140/90-க்குக் கீழே, உடம்பு தாங்கினால் 130/80-க்குக் கீழே என்று எழுதிக் கொடுத்தார். சர்க்கரை, சிறுநீரகம், வயது இதையெல்லாம் பொறுத்து இந்த இலக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

அழுத்தம் ஏற்கெனவே எங்காவது பாதிப்பை ஏற்படுத்தியிருக்கிறதா என்றும் கேட்டோம். அதற்குச் சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈ.சி.ஜி. எழுதினார், கண்ணின் விழித்திரையையும் பார்த்துவிடச் சொன்னார்.

மாத்திரை பற்றி அத்தை கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: "எத்தினி நாளைக்குச் சாப்பிடணும்?" டாக்டரம்மா ஒளிக்கவில்லை. "அழுத்தம் இறங்கினா அது மாத்திரையால இறங்கினதும்மா. நீங்களா நிறுத்தினா திரும்ப ஏறிடும்." அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. கணுக்கால் வீங்கினால் வந்து சொல்ல வேண்டும், வேறு மாற்றிக்கொள்ளலாம் என்றார். சித்திரை வெயிலில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதையும் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

கிளம்பும்போது நான்தான் நினைவுபடுத்தினேன்: "அத்தை, மூட்டுவலிக்கு வாங்குற மாத்திரையைச் சொன்னீங்களா?" பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக், வாரத்துக்கு நாலைந்து. அந்த வகை வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். டாக்டரம்மா அதை நிறுத்திப் பாரசிட்டமால் எழுதினார். சீட்டில் நோயின் பெயர் எழுதும் இடத்தில் இருந்த இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காட்டி, இது இன்னா என்று அத்தை கேட்டார். "உயர் இரத்த அழுத்தம்" என்று அதன் பக்கத்திலேயே தமிழில் எழுதிக் கொடுத்தார்.