108 எத்தனை நிமிடத்தில் வந்தது? மண்டல வாரி அறிக்கையைக் கேட்டு வாங்கும் முறையும் படிக்கும் முறையும்

தமிழ்நாட்டில் 108 இலவச ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டிகளை ஓட்டுவது ஒப்பந்த நிறுவனம், பணம் கொடுப்பது அரசு. அதனால் எந்தப் பகுதிக்கு வண்டி எவ்வளவு நேரத்தில் போனது, அதில் எத்தனை சதவீதம் இலக்கு நேரத்துக்குள் போனது என்ற அறிக்கை அரசின் கையில் இருக்க வேண்டிய ஆவணம். அதைக் கேட்க இந்தியக் குடிமக்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் "எங்கள் மாவட்டத்தில் சராசரி நேரம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒற்றை எண்ணில் பதில் வரும். அந்த எண்ணை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு, பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் வரிசையாக நேரங்கள் பதிவாகின்றன: போன் எடுக்கப்பட்டது, வண்டிக்குத் தகவல் போனது, வண்டி கிளம்பியது, சம்பவ இடத்தை அடைந்தது, நோயாளியுடன் புறப்பட்டது, மருத்துவமனையை அடைந்தது. "வந்து சேர்ந்த நேரம்" என்பது இவற்றில் இரண்டு நேரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. எந்த இரண்டு என்பதில்தான் சிக்கலே. போன் எடுத்ததிலிருந்து எண்ணுவது ஒன்று, வண்டி கிளம்பியதிலிருந்து எண்ணுவது வேறொன்று. முகவரி கேட்டு, பக்கத்தில் காலியாக இருக்கும் வண்டியைத் தேடிப் பிடிக்க ஆகும் நிமிடங்கள் இரண்டாவது கணக்கில் காணாமல் போய்விடும். காத்திருக்கும் குடும்பத்துக்கோ கடிகாரம் போன் செய்தபோதே ஓடத் தொடங்கிவிட்டது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் 2000-களின் தொடக்கத்தில், உயிர்போகும் நிலை அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. சில சேவைகளின் பதிவுகளைப் பார்த்தபோது 8 நிமிடத்துக்குச் சற்று முன்பு மட்டும் அழைப்புகள் குவிந்திருந்தன, 8-ஐத் தாண்டியதும் எண்ணிக்கை சடாரென்று சரிந்தது. கடிகாரத்தை எப்போது தொடங்குவது என்பதிலும் சேவைக்கு ஒரு வழக்கம் இருந்தது. 2008 ஏப்ரலில்தான், போன் இணைப்பு கிடைத்த கணத்திலிருந்தே எண்ண வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

கடிகாரத்துக்கு அடுத்தது, எந்த அழைப்புகளைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பது. 108 வண்டிகள் விபத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும் போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா மருத்துவமனைக்கு, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு என்று நோயாளியை மாற்றிக் கொண்டுபோகும் வேலையும் உண்டு. அப்போது வண்டி பல நேரம் மருத்துவமனை வாசலிலேயே நின்றிருக்கும், "வந்து சேர்ந்த நேரம்" ஓரிரு நிமிடம்தான். இவற்றைக் கலந்தால் சதவீதம் தானாக ஏறும். எதிர்ப்பக்கம், வண்டி வராததால் ஆட்டோவில் கூட்டிப்போய்விட்டவர்களின் அழைப்பு "ரத்து" என்று பதிவாகும். வந்து சேர்ந்த நேரமே இல்லாததால் அது கணக்குக்குள் வராது. ரொம்பத் தாமதமான அழைப்புகள்தான் இப்படிக் கழன்றுகொள்ளும் வாய்ப்பு அதிகம்.

கற்பனையாக ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராம மண்டலத்தில் இலக்கு 30 நிமிடம், ஒரு மாதத்தில் 600 அழைப்புகள், 480 இலக்குக்குள். அறிக்கை 80 சதவீதம் என்கிறது. இந்த 600-இல் 200 மருத்துவமனை மாற்றங்கள், அவற்றில் 190 இலக்குக்குள். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சும் 400 அழைப்புகளில் 290, அதாவது 72.5 சதவீதம். இது போக, காத்திருந்து ரத்தானவை 40. அவற்றையும் இலக்கு தவறியவையாகச் சேர்த்தால் 440-க்கு 290, கிட்டத்தட்ட 66 சதவீதம். ஒரே மாதம், ஒரே வண்டிகள், மூன்று எண்கள். மூன்றுமே பொய் இல்லை. ரத்தானதெல்லாம் வண்டியின் குற்றமும் அல்ல, தவறான அழைப்பும் இருக்கும். அதனால்தான் ரத்துக்கான காரணத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதே மாவட்டத்தில் நகரத்தில் 1,000 அழைப்புகள், 920 இலக்குக்குள். மலைப்பகுதியில் 100 அழைப்புகள், 35 மட்டும். மாவட்ட மொத்தம் 1,700-க்கு 1,435, அதாவது 84.4 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மலையில் மூன்றில் இரண்டு பேர் இலக்கைத் தாண்டிக் காத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியவே தெரியாது. அடுத்த மாதம் மழையில் டவர் போய், மலையிலிருந்து 40 அழைப்புகளே வந்தன, 14 இலக்குக்குள் என்று வைப்போம். மற்றதெல்லாம் அப்படியே. மொத்தம் 86.2 ஆக உயரும்! சேவை எங்கும் மேம்படவில்லை, மோசமான இடத்திலிருந்து போன் வருவது குறைந்தது, அவ்வளவுதான். மண்டல வாரியாகக் கேட்க இந்த ஒரு காரணம் போதும்.

சரி, எப்படிக் கேட்பது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1) பிரிவின் கீழ், சுகாதாரத் துறையில் 108 ஒப்பந்தத்தைக் கவனிக்கும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது, சான்றை இணைக்க வேண்டும். அலுவலகம் மாறிப் போனாலும் கவலை வேண்டாம், 6(3) பிரிவுப்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். கேள்வியை இப்படி எழுதலாம்:

"குறிப்பிட்ட மாதத்தில் இம்மாவட்டத்திலிருந்து 108-க்கு வந்த அவசர அழைப்புகள் ஒவ்வொன்றுக்கும், ஒன்றியம் அல்லது மண்டலம், அழைப்பின் வகை, போன் எடுத்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், சம்பவ இடத்தை அடைந்த நேரம், ரத்தாகியிருந்தால் அதன் காரணம் ஆகியவற்றை மின்னணு வடிவில் தரவும். ஒப்பந்தத்தில் உள்ள இலக்கு நேரம், அதைக் கணக்கிடும் முறை ஆகிய பக்கங்களின் நகலையும் தரவும். பெயர், போன் எண், வீட்டு முகவரி தேவையில்லை."

கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் தனிநபர் தகவல் என்று சொல்லி 8(1)(j) பிரிவைக் காட்டி மறுக்க இடம் கொடுத்துவிடுவோம். ஒரு மாதம் என்று சுருக்குவதும் அதே போலத்தான், ஐந்து வருடத்துக்குக் கேட்டால் திரட்டப் பெரும் வேலையாகும் என்று பதில் வரும்.

பட்டியல் கையில் வந்ததும் முதலில் சம்பவ இடத்தை அடைந்த நேரம் காலியாக உள்ள வரிகளை எண்ணுங்கள். எந்த மண்டலத்தில் அதிகம் என்று பாருங்கள். அப்புறம் நிமிட வாரியாக அடுக்குங்கள். 28, 29 நிமிடங்களில் கூட்டமும் 31, 32-இல் வெறுமையும் இருந்தால் பதிவு செய்யும் விதத்தைச் சந்தேகிக்கலாம். ஜிபிஎஸ் பதிவும் கேட்டு ஒப்பிடாமல் அதற்கு மேல் குற்றம் சாட்ட வேண்டாம்.

30 நாளில் பதில் வராவிட்டாலும், "தகவல் ஒப்பந்த நிறுவனத்திடம் உள்ளது" என்று கைவிரித்தாலும் அடுத்த 30 நாளுக்குள் 19(1) பிரிவின் கீழ் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. அரசு அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தகவலும் 2(j) பிரிவின்படி கேட்கக்கூடியதே என்று குறிப்பிடுங்கள். அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம்.