ஐஸில் ஒரே அளவு, சூட்டில் வேறு வேறு: வெப்பமானியைத் திருத்துவதற்கு முன் ஆழத்தைப் பாருங்கள்

மலையகத்தில் வீட்டிலேயே தயிர், யோகட் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போது அடிக்கடி வரும் முறைப்பாடு இது. ஹட்டன் பக்கம் ஒரு அக்கா இரண்டு வெப்பமானிகளை எடுத்துக் காட்டினார். ஒன்று முள் ஓடும் டயல் வகை, மற்றது டிஜிட்டல். "ஐஸ் தண்ணியில ரெண்டும் பூச்சியம்தான் சேர் காட்டுது. பால்ல வச்சா ஒண்ணு 72, ஒண்ணு 66. எதை நம்புறது?"

ஐஸ் சோதனையை அவர் உயரமான கிளாஸில், நிறைய ஐஸ் போட்டு, கம்பியை ஆழமாக அமிழ்த்திச் செய்திருந்தார். பால் இருந்ததோ அகன்ற சட்டியில், 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும். கம்பியின் முனை அடியில் முட்டாமல் பிடித்தால் பாலுக்குள் இருப்பது 3 சென்டிமீட்டர்தான்.

டயல் வெப்பமானியின் கம்பிக்குள் ஒரு உலோகச் சுருள் இருக்கிறது. அது முனையிலிருந்து ஏறக்குறைய 5, 6 சென்டிமீட்டர் உயரம் வரை நீளும். பல கம்பிகளில் அந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் அடையாளமாக இருக்கும். சுருள் முழுவதும் உணரும் வெப்பத்தின் சராசரியைத்தான் முள் காட்டுகிறது. பாதிச் சுருள் பாலிலும் மீதி வெளிக் காற்றிலும் இருந்தால் அளவு குறைந்துதான் வரும். டிஜிட்டலில் உணரி முனையிலேயே இருப்பதால் அதற்கு இவ்வளவு ஆழம் வேண்டாம். ஆனாலும் தேநீரில் போட்ட கரண்டியின் காம்பு சுடுவதுபோல, வெப்பம் அந்தக் கம்பி வழியாகவும் மேலே ஏறிக் காற்றில் கலக்கும். அதனால் முனையை மட்டும் நனைத்துவிட்டுப் பார்ப்பது அதற்கும் பிழைதான்.

ஆழம் போதாமல் வரும் பிழை எப்போதும் ஒரே அளவில் இருக்காது. திரவத்துக்கும் அறைக்கும் உள்ள வெப்ப இடைவெளி கூடக் கூடப் பிழையும் கூடும். அன்று குசினி ஏறக்குறைய 20 பாகை. பால் 72 என்றால் இடைவெளி 52, அதில் 6 பாகை குறைந்திருக்கிறது. அதே 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஐஸ் தண்ணீரில் வைத்திருந்தால்? இடைவெளி 20தான், பிழையும் 2 பாகைக்குச் சற்று மேலே நின்றிருக்கும். 2 பாகைக்கு ஒரு கோடு போட்ட டயலில் அது ஒரே ஒரு கோடு, கண்ணுக்குத் தப்பிவிடும். 180 பாகை எண்ணெயில் அதே பிழை 18 வரை போகும். ஐஸில் ஒத்துப்போகும் வெப்பமானிகள் சூட்டில் பிரிந்து நிற்பதற்கு இதுவே பெரும்பாலான காரணம்.

பிழை கருவியிலா, ஆழத்திலா என்று கண்டுபிடிப்பது சுலபம். வாய் அகன்ற உயரமான பிளாஸ்கில் சூடான தண்ணீரை நிரப்பி, இரண்டையும் பள்ள அடையாளத்துக்கும் மேலே அமிழும்படி பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். கலக்கிவிட்டு, முள் நிற்கும் வரை பொறுங்கள். அந்த அக்காவின் வீட்டில் இரண்டுக்கும் 1 பாகைதான் வித்தியாசம் வந்தது. அப்புறம் டயலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினோம். ஓரளவு உயரம் வரை முள் அசையவில்லை, அதற்குப் பிறகு சரியத் தொடங்கியது. முள் அசையாமல் நின்ற கடைசி ஆழம்தான் அந்த வெப்பமானிக்குத் தேவையான குறைந்த ஆழம். அங்கே ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளலாம். சட்டியில் பால் குறைவாக இருந்தால், முனை அடியில் முட்டாமல் கம்பியைச் சாய்த்துப் பிடித்தாலே அந்த நீளம் உள்ளே போய்விடும். முனை அடியில் பட்டால் பாலை விடச் சட்டியின் சூட்டைக் காட்டி அளவைக் கூட்டிவிடும், அதுதான் கூடுதல் ஆபத்து.

பிளாஸ்கில் ஆழமாக வைத்தும் இரண்டும் பிரிந்து நின்றால் கருவியிலேயே பிழை இருக்கிறது. ஐஸ் சோதனை பூச்சியத்தை மட்டும்தான் உறுதி செய்யும், மேலே போகப் போக விலகும் பிழையை அது காட்டாது.

பலர் செய்யும் ஆபத்தான வேலை, டயலின் பின்னால் உள்ள நட்டைத் திருப்பி 66ஐ 72 ஆக்குவது. அப்படிச் செய்த வெப்பமானியை மறுநாள் ஆழமான பானையில் வைத்தால் அது 6 பாகை கூட்டிக் காட்டும். 63 பாகையில் 30 நிமிடம் வைத்துப் பாலைப் பாஸ்டராக்கம் செய்கிறோம் என்று நினைத்திருப்போம், பால் உண்மையில் 57இல்தான் நிற்கும். அது போதாது.

கொதிக்கும் தண்ணீரில் சோதிக்கும்போதும் இதே தவறு நடக்கிறது. காற்றழுத்தம் குறைந்தாலும் ஐஸ் உருகும் வெப்பநிலை நூறில் ஒரு பாகைகூட மாறாது. ஆனால் கொதிநிலை ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 பாகை வீதம் இறங்கும். கண்டியில் 98, ஹட்டனில் 96, நுவரெலியாவில் 94 அளவில் தண்ணீர் கொதிக்கும். நுவரெலியாவில் கொதிநீரில் 94 காட்டும் வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது, அதை 100க்குத் திருப்பக் கூடாது.